கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்பது சென்ட்: மனை மதிப்பீட்டு அறிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ் பேசும் எல்லை ஊர்களில், சின்னச் சின்ன மனைகளுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. கீழே திரும்பத் திரும்ப வரும் மனை ஒரு அண்ணன் தங்கைக்குச் சொந்தமானது. அண்ணன் கொழிஞ்சாம்பாறையிலேயே இருக்கிறார், தங்கை பொள்ளாச்சியில். தங்கையின் பாதியை அண்ணன் எடுத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு கொடுப்பது என்பதுதான் கேள்வி. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். விலைகளும் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. அதை வைத்து யாரும் அங்கே இடம் பேசப் போய்விட வேண்டாம்.

நிகுதி என்கிற நிலவரி ரசீதில் 0.0364 ஹெக்டேர் என்று இருக்கிறது. நாங்கள் ஒன்பது சென்ட் என்றுதான் வாங்கினோம். எது சரி?

இரண்டும் ஒன்றுதான். ஒரு ஹெக்டேருக்கு 100 ஆர், ஒரு ஆருக்கு 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் ஒரு ஆரில் ஏறக்குறைய 2.47 சென்ட் அடங்கும். 3.64 ஆரை 2.47-ஆல் பெருக்கினால் ஒன்பது சென்ட் வந்துவிடும்.

பார்க்க வேண்டியது வேறு. ஆதாரம் என்று இங்கே சொல்லும் பத்திரத்தில் எழுதிய அளவு, நிகுதி ரசீதில் உள்ள அளவு, டேப் பிடித்து அளந்த அளவு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த மனை முன்பக்கம் 12 மீட்டர், ஆழம் 30 மீட்டருக்குச் சற்று மேல். பெருக்கினால் 364 வந்தது, பிரச்சினை இல்லை. வராமல் போயிருந்தால் மூன்றில் சிறியதை எடுத்துக்கொண்டு, அப்படி எடுத்ததை அறிக்கையில் எழுதுவேன். வேலி நகர்ந்திருக்கலாம், பஞ்சாயத்து ரோட்டுக்கு விட்டுக்கொடுத்த பங்கு ஆதாரத்தில் கழிக்கப்படாமல் இருக்கலாம்.

வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் "நிலம்" என்று போட்டிருக்கிறது. நிலம்தானே, அதில் என்ன தப்பு?

எல்லைத் தமிழர்கள் அதிகமாக அடிபடும் இடம் இது. நமக்கு நிலம் என்றால் எந்தப் பூமியும் நிலம். கேரள வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்றால் நெல்வயல் மட்டுமே. வீடு கட்டத் தடையில்லாத மேட்டு மனைக்கு அங்கே பெயர் புரயிடம். வில்லேஜ் ஆபீஸில் உள்ள அடிப்படை வரிப் பதிவேட்டில் இந்த இரண்டில் எது எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் நான் விலையையே யோசிப்பேன்.

பின்னணி இதுதான். 2008-இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஊருக்கும் டேட்டா பேங்க் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். உங்கள் இடம் பதிவேட்டில் நிலமாக இருந்து, அந்தப் பட்டியலிலும் இருந்தால், நேரில் தென்னை நின்றாலும் சரி, மண் கொட்டி மேடாக்கியிருந்தாலும் சரி, சட்டத்தின் கண்ணுக்கு அது வயல்தான். பட்டியலில் தவறாகச் சேர்ந்திருந்தால் ஐந்தாம் எண் படிவத்தில் மனுக் கொடுத்து முதலில் அதிலிருந்து நீக்க வேண்டும். பட்டியலில் இல்லை, பதிவேட்டில் மட்டும் நிலம் என்றால், ஐம்பது சென்ட் வரையிலான இடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற ஆறாம் எண் படிவம். இது 2018-இல் கொண்டுவந்த திருத்தத்தால் கிடைத்த வழி.

நம் அண்ணன் தங்கையின் மனை புரயிடம் என்றே இருந்தது. டேட்டா பேங்கில் சர்வே எண் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் விசாரித்தால் இது தெரிந்துவிடும். தரகர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று சொல்வதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் இடம் ரெக்கார்டில் நிலம்தான். புரயிடமாக மாற்றிவிட்டால் என்ன விலை வரும் என்று அறிக்கையில் போட்டுத் தருவீர்களா?

போடலாம், ஒரு நிபந்தனையோடு. இன்று உள்ளபடி என்ன மதிப்பு என்பது முதலில் வரும். மாற்றம் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டால் என்ன மதிப்பு என்பது அடுத்து வரும், அதன் பக்கத்திலேயே "இது நடக்காத ஒன்றை நடந்ததாகக் கொண்ட கணக்கு" என்றும் எழுதியிருக்கும். இரண்டாவது தொகையை மட்டும் தனியாக எழுதித்தரக் கேட்டால் மறுத்துவிடுவேன். அந்தத் தொகையை வைத்து ஒருவர் பங்கு வாங்கி, பிறகு மனு தள்ளுபடியானால், அவர் என்னைத்தான் தேடி வருவார். அது நியாயமும்கூட.

ஃபேர் வேல்யூ என்று அரசாங்கமே ஒரு விலை போட்டிருக்கிறதே. அதைப் பெருக்கிக்கொண்டால் போதாதா, உங்களுக்கு எதற்குப் பீஸ்?

ஃபேர் வேல்யூ முத்திரைத் தீர்வை கணக்குப் போடுவதற்கான தரை விலை. கேரளாவில் 2010-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விற்பனை ஆதாரத்தில் எழுதும் தொகை, ஃபேர் வேல்யூ இரண்டில் எது கூடுதலோ அதற்கு எட்டு சதவீதம் முத்திரைத் தீர்வை, இரண்டு சதவீதம் பதிவுக் கட்டணம். தமிழ்நாட்டில் நாம் வழிகாட்டி மதிப்பு என்று சொல்வதன் அண்ணன் தம்பி முறைதான். சர்வே எண்ணுக்கும் இடத்தின் வகைக்கும் ஏற்ப ஒரு எண்ணைப் போட்டு, அவ்வப்போது மாநிலம் முழுக்க ஒரே சதவீதத்தில் ஏற்றிவிடுவார்கள். ரோட்டு வசதியை வைத்து வகை பிரித்திருந்தாலும், உங்கள் மனை இன்று சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

அதோடு ஒரு பொறி இருக்கிறது. ஃபேர் வேல்யூ ஆருக்குப் போட்டிருப்பார்கள், சென்ட்டுக்கு அல்ல. இந்த மனைக்கு ஆருக்கு 2,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சென்ட்டுக்கு என்று எண்ணி ஒன்பதால் பெருக்கினார் அண்ணன், 18,90,000 வந்தது. நான் போட்ட மதிப்புக்கு அது தற்செயலாகப் பக்கத்தில் வந்ததால், "பாத்தீங்களா, நானே போட்டுட்டேன்" என்று சிரித்தார். சரியான கணக்கு 3.64 ஆர் பெருக்கல் 2,10,000, அதாவது 7,64,400. சென்ட்டுக்கு 85,000 ரூபாய்தான். அறிக்கையில் அதைக் குறிப்பாக மட்டும் கொடுத்தேன், விலை கணக்கில் சேர்க்கவில்லை.

பக்கத்து விற்பனை என்று எதை எடுக்கிறீர்கள்? ஆதாரத்தில் யாரும் உண்மை விலை எழுதுவதில்லையே?

முழுக்க எழுதுவதில்லை என்பது சரி. பலர் ஃபேர் வேல்யூவை ஒட்டியே எழுதி முடித்துவிடுகிறார்கள். அதனால் ஒரு விற்பனையை மூன்று பக்கமிருந்து பார்ப்பேன். சுற்றியுள்ள சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டால், எந்தத் தேதியில் என்ன ஆதாரம் பதிவானது என்று தெரியும். இங்கே பாத்யதா சர்டிபிகேட் என்பார்கள். அந்த ஆதாரத்தின் நகலை எடுத்தால் எழுதிய தொகை தெரியும். அப்புறம் வாங்கினவர், விற்றவர், நடுவில் நின்ற தரகர் என்று குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பேன். இருவர் சொல்வதும் ஒத்துவந்தால் எடுத்துக்கொள்வேன்.

வங்கிக் கடனில் வாங்கின மனைக்கு என்னிடம் தனி மதிப்பு உண்டு. ஆதாரத்தில் விலையைக் குறைத்து எழுதினால் கடனும் குறையும் என்பதால், அங்கே எழுதிய தொகை நடந்த விலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்த மனைக்கு ஐந்து விற்பனைகள் கிடைத்தன, இரண்டைத் தள்ளினேன். ஒன்று அண்ணன் தம்பிக்குள் நடந்தது. சொந்தத்துக்குள் கொடுக்கும் விலை சந்தை விலை ஆகாது. இன்னொன்று பன்னிரண்டு சென்ட், சென்ட் 95,000 என்று மலிவாகத் தெரிந்தது. ஆதாரத்தைப் பிரித்தால் நிலம் என்று இருந்தது. அதைச் சேர்த்திருந்தால் தங்கைக்கு நஷ்டம். தள்ளியதையும் தள்ளிய காரணத்தையும் அறிக்கையில் எழுதுவது முக்கியம். இல்லையென்றால் நாளை யாராவது அந்த ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை ஏன் மறைத்தீர்கள்" என்பார்கள்.

மூன்று விற்பனையின் விலையைக் கூட்டி மூன்றால் வகுத்தால் ஆகாதா?

ஆகாது. மூன்றும் உங்கள் மனையைப் போல இல்லை. ஒவ்வொன்றையும் உங்கள் மனையின் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அந்த விற்பனை நம் மனையைவிட மேல் என்றால் அதன் விலையில் கழிக்க வேண்டும், கீழ் என்றால் கூட்ட வேண்டும். எப்போதும் மாற்றுவது விற்பனையைத்தான், நம் மனையை அல்ல. புதிதாக வருபவர்கள் இந்தத் திசையைத் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். மேலான மனைக்கு விலையைக் கூட்டியிருந்தால் அந்த அறிக்கையை அங்கேயே மூடிவிடலாம்.

நம் மனை: ஒன்பது சென்ட், நாலு மீட்டர் பஞ்சாயத்துத் தார் ரோடு, டவுனிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர்.

முதல் விற்பனை பத்து சென்ட். அதே ரோட்டில் டவுன் பக்கமாக 400 மீட்டர் முன்னால், ஐந்து மாதத்துக்கு முன், வங்கிக் கடனில் நடந்தது. சென்ட் 2,20,000. காலத்துக்காக இரண்டு சதவீதம் கூட்டினேன், டவுனுக்கு அருகில் இருப்பதற்காக எட்டு சதவீதம் கழித்தேன். மொத்தத்தில் ஆறு சதவீதம் குறைந்து 2,06,800.

இரண்டாவது ஐந்து சென்ட். ஆறு மீட்டர் ரோடு போட்ட லேஅவுட்டுக்குள், எட்டு மாதத்துக்கு முன், சென்ட் 2,50,000. காலத்துக்கு மூன்று கூட்டி, லேஅவுட்டுக்கும் ரோட்டு அகலத்துக்கும் பன்னிரண்டு கழித்து, சின்ன மனை என்பதற்காக இன்னும் ஐந்து கழித்தேன். பதினான்கு சதவீதம் குறைந்து 2,15,000. ஐந்து சென்ட்டுக்குப் பணம் புரட்டக்கூடியவர்கள் நிறையப் பேர், அதனால் சின்ன மனை சென்ட் கணக்கில் எப்போதும் கூடுதலாகவே போகும்.

மூன்றாவது இருபத்திரண்டு சென்ட். மண் பாதை, பத்து மாதத்துக்கு முன், சென்ட் 1,60,000. காலத்துக்கு நாலு, ரோட்டுக்குப் பன்னிரண்டு, பெரிய மனை என்பதற்கு எட்டு, எல்லாமே கூட்டல். இருபத்துநாலு சதவீதம் ஏறி 1,98,400.

தொடங்கும்போது 1,60,000-க்கும் 2,50,000-க்கும் நடுவில் தொண்ணூறாயிரம் இடைவெளி. முடியும்போது பதினேழாயிரத்துக்கும் உள்ளே சுருங்கிவிட்டது. இப்படி நெருங்கி வந்தால் சரிக்கட்டல்கள் ஓரளவு பொருந்துகின்றன என்று அர்த்தம். சரிக்கட்டிய பிறகும் சிதறியே கிடந்தால், ஏதோ ஒரு விற்பனையில் எனக்குத் தெரியாத கதை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை எழுத உட்கார மாட்டேன்.

குறைவாகக் கை வைத்த விற்பனைக்கு அதிக எடை. முதலாவதுக்கு ஐம்பது சதவீதம், இரண்டாவதுக்கு முப்பது, மூன்றாவதுக்கு இருபது. கூட்டினால் 2,07,580 வருகிறது. சென்ட்டுக்கு 2,07,500 என்று எடுத்து ஒன்பதால் பெருக்கினால் 18,67,500. இதில் கடைசி ரூபாய் வரை துல்லியம் இருப்பதாகக் காட்டுவது நாடகம். 18,70,000 என்று முழுமையாக்கினேன். தங்கைக்கு 9,35,000.

இந்த எட்டு சதவீதம், பன்னிரண்டு சதவீதம் எல்லாம் எங்கிருந்து வருகிறது? நீங்களாகப் போடுவதா?

நியாயமான சந்தேகம். முடிந்தவரை ஜோடி விற்பனையிலிருந்து எடுக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடும் இரண்டு விற்பனைகளைத் தேட வேண்டும். மண் பாதைக்கான பன்னிரண்டு சதவீதத்துக்குக் கிடைத்தது இப்படி ஒரு ஜோடி: ஒரே மாதத்தில் விற்ற இரண்டு மனைகள், ஏறக்குறைய ஒரே அளவு, தார் ரோட்டில் இருந்தது 1,75,000, பின்னால் மண் பாதையில் இருந்தது 1,56,000. வித்தியாசம் 19,000, அது 1,56,000-இல் பன்னிரண்டு சதவீதம்.

காலத்துக்கு, ஒரே மனை இரண்டு முறை விற்றிருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. இந்தப் பகுதியில் ஏழு சென்ட் ஒன்று 1,80,000-க்கு வாங்கி இருபது மாதம் கழித்து 1,95,000-க்குக் கைமாறியது. எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது மாதத்துக்கு 0.4 அளவில். ஐந்து மாதத்துக்கு இரண்டு என்றது இதிலிருந்துதான்.

ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியுமா என்றால் முடியாது. டவுன் தூரத்துக்கான எட்டு சதவீதத்துக்கு எனக்குச் சுத்தமான ஜோடி கிடைக்கவில்லை. இரண்டு தரகர்கள் சொன்னதும் என் அனுபவமும்தான் அதற்கு ஆதாரம், அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். சதவீதம் இருந்து, அது வந்த வழி இல்லாத அறிக்கையைக் கையில் வாங்காதீர்கள்.

எங்கள் பக்கம் கரிசல் மண். அதற்குக் கழிக்கவில்லையே?

சித்தூர் தாலுகாவில் இது சரியான கேள்வி. கேரளாவிலேயே கரிசல் மண் என்றால் நம் பக்கம்தான். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும், அதனால் வீட்டுக்கு அஸ்திவாரச் செலவு கூடும். ஆனால் நான் எடுத்த மூன்று விற்பனைகளும் கரிசலில்தான் இருக்கின்றன. அந்தக் குறை அவற்றின் விலையிலேயே சேர்ந்துவிட்டது, மறுபடியும் கழித்தால் ஒரே குறைக்கு இரண்டு முறை தண்டனை. செம்மண் மனை ஒன்றை ஒப்பிட எடுத்திருந்தால் கட்டாயம் கழித்திருப்பேன்.

மனையில் ஆறு தென்னை நிற்கிறது. கள்ளு இறக்கக் குத்தகையும் வருகிறது. அது சேர்ந்ததா?

சேரவில்லை. ஒன்பது சென்ட் வாங்குபவர் வீடு கட்டத்தான் வாங்குவார், நாலு தென்னையாவது வெட்டுப்படும். ஒரு ஏக்கர் தோப்பு என்றால் கதையே வேறு, அங்கே வருமானத்தை வைத்துத்தான் தொடங்குவோம்.

"அனுமானங்கள்" என்று கடைசியில் ஒரு பக்கம் இருக்கிறது. அது உங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவதா?

கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். மேலே உள்ள 18,70,000 அந்தப் பக்கத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு கால் உடைந்தால் தொகை சாய்ந்துவிடும்.

இந்த அறிக்கையில் நான் எழுதியவை: பட்டா உரிமையில் தகராறு இல்லை, அதை வக்கீல் பார்க்க வேண்டும், நான் பார்க்கவில்லை. எல்லையை அண்ணன் காட்டினார், நான் டேப் பிடித்தேன், தாலுகா சர்வேயர் அளக்கவில்லை. முன்னால் உள்ள ரோடு பஞ்சாயத்து ரோடு, தனியார் வழி அல்ல. பதிவேட்டில் புரயிடம், டேட்டா பேங்கில் இல்லை, இரண்டும் நான் பார்த்த தேதியில். மனை காலியாக இருக்கிறது, வாடகைதாரர் யாரும் இல்லை.

இதில் ரோடு எவ்வளவு கனம் என்று பாருங்கள். அது தனியார் வழி என்று நாளை தெரிந்தால் மண் பாதைக்காகப் போட்ட பன்னிரண்டு சதவீதத்தைவிட அதிகமாகவே கழிக்க வேண்டி வரும். அனுமானம் ஒவ்வொன்றையும் படிக்கும்போது, "இது பொய்யானால் எவ்வளவு போகும்?" என்று கேட்டுக்கொண்டே போனால், எதைச் சரிபார்க்கப் பணம் செலவழிக்கலாம் என்று தானே தெரியும். "எல்லா ஆவணமும் சரி என்று கொண்டோம்" என்று ஒரே வரியில் முடிக்கும் அறிக்கை உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

இதே அறிக்கையை வங்கிக் கடனுக்கும் கொடுத்துவிடலாமா?

கொடுக்க முடியாது. வங்கி தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரைத்தான் அனுப்பும். வங்கிப் படிவத்தில் அவசர விற்பனை மதிப்பு என்று ஒரு தொகையும் கேட்பார்கள், அது சந்தை மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துப் போடுவது. தவறி அந்தத் தொகையை வைத்துப் பங்கு பிரித்துவிடாதீர்கள்.

வருமான வரிக்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பு கேட்கிறார் ஆடிட்டர். இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாமா?

அது தனி அறிக்கை. 2001-ஐ ஒட்டிய ஆதாரங்களைத் தேடி எடுக்க வேண்டும். அப்போது இங்கே ஃபேர் வேல்யூவும் கிடையாது, அதனால் வேலை இன்னும் கூடும்.

தங்கை வேறொரு வேல்யூவரிடம் போனார், அவர் 21,15,000 என்று கொடுத்திருக்கிறார். யாரை நம்புவது?

ஆளைப் பார்க்க வேண்டாம், இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவு ஒன்றா? தேதி ஒன்றா? புரயிடம் என்று இருவரும் எடுத்தார்களா? பிறகு விற்பனைகள். நான் அப்படித்தான் பார்த்தேன். அவர் என் முதல் இரண்டு விற்பனைகளையே எடுத்திருந்தார், மூன்றாவது இல்லை. 2,20,000-ஐயும் 2,50,000-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,35,000, அதை ஒன்பதால் பெருக்கினால் 21,15,000. லேஅவுட்டின் ஆறு மீட்டர் ரோட்டுக்கும் டவுன் பக்கத்துக்கும் எதுவும் கழிக்கவில்லை.

தங்கையிடம் இதைச் சொன்னபோது, "எங்க அண்ணனுக்காகப் பேசறீங்க" என்றார். லேஅவுட் மனையைப் போய்ப் பாருங்கள் அம்மா என்று அட்ரஸ் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளம் வழியாக வந்து, அந்த ரோட்டையும் நம் ரோட்டையும் நடந்து பார்த்துவிட்டுப் போனார். எட்டு சதவீதத்துக்கு ஜோடி இல்லை என்று நானே எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டார், அதில் பாதி விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். முதல் விற்பனையில் எட்டுக்குப் பதில் நாலு கழித்தால் அது 2,15,600 ஆகும், மொத்தம் ஏறக்குறைய நாற்பதாயிரம் ஏறி 19,07,000. அண்ணன் சரி என்றார். தங்கைக்கு 9,53,500 என்று எழுதினார்கள்.